சம்பள முன்பணம்: பே ஸ்லிப்பில் 18,000, எச்.ஆர். சொல்வது 22,400. உண்மையான மீதி எது?

வெண்பனி

எல்லோருக்கும் வணக்கம். கணக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

போன ஆகஸ்டில் அலுவலகத்தில் 60,000 சம்பள முன்பணம் வாங்கினேன். மாதம் 6,000 வீதம் பத்துத் தவணை, செப்டம்பர் சம்பளத்திலிருந்து பிடித்தம் என்று கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம் ஆகிவிட்டது. ஏழு ஆறு நாற்பத்திரண்டு, அதாவது 42,000 கட்டியாயிற்று. மீதி 18,000 என்பது என் கணக்கு. மார்ச் பே ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தேன். முன்பணப் பிடித்தம் என்ற வரியில் இந்த மாதம் 6,000, பக்கத்து நிரலில் 18,000 என்று இருக்கிறது. என் கணக்கோடு அப்படியே பொருந்தியதால் நிம்மதியாக இருந்தேன்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததால் மொத்தமாகக் கட்டி முடிக்கலாமா என்று எச்.ஆரிடம் கேட்டேன். "மீதி 22,400" என்று ஒரே வரியில் பதில் வந்தது. 4,400 எங்கிருந்து முளைத்தது? நானும் பே ஸ்லிப்பும் ஒரே தொகையைச் சொல்லும்போது அவர்கள் மட்டும் வேறு சொல்கிறார்கள். சண்டை போடவும் மனமில்லை, கேட்காமல் விடவும் முடியவில்லை.

துடுப்பு

அந்தப் பக்கத்து நிரலின் தலைப்பு என்ன? `YTD` என்று இருந்தால் அது மீதி இல்லை. இதுவரை பிடித்த மொத்தம். அப்படியானால் உங்களிடம் பிடித்தது 18,000தான், மீதி 42,000. எச்.ஆர். 22,400 என்று சொல்வது உங்களுக்கு லாபம். பேசாமல் எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டிவிடுங்கள்.

தேன்சிட்டு

அக்கா, அது வட்டிதான். எந்தக் கம்பெனியும் சும்மா 60,000 கொடுக்காது. முதலில் வட்டி இல்லை என்பார்கள், கட்டி முடிக்கப் போகும்போது சேர்ப்பார்கள். என் அண்ணன் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியபோது இதேதான் நடந்தது, முன்கூட்டியே அடைப்பதற்கு ஒரு கட்டணம் போட்டார்கள். விடாமல் கேளுங்கள்.

வெண்பனி

துடுப்பு சார், தலைப்பு `YTD`தான். ஆனால் மீதி 42,000 என்றால் தூக்கிவாரிப் போடுகிறது. ஏழு மாதமும் சம்பளம் குறைவாகத்தானே வந்தது?

தேன்சிட்டு, கடிதத்தை மறுபடி படித்தேன். "வட்டியில்லா முன்பணம்" என்று தெளிவாக இருக்கிறது. முன்கூட்டியே கட்டுவதற்குக் கட்டணம் என்றும் எதுவும் இல்லை. அது நிதி நிறுவனக் கடன், இது சம்பளத்திலேயே பிடிப்பது. இரண்டும் ஒன்றா என்று தெரியவில்லை.

பழைய பேரேடு

சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன். இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும். பெரும்பாலும் `YTD` நிரலில்தான் ஆரம்பிக்கும்.

துடுப்பு சொன்னதில் பாதி சரி. அது பிடித்த தொகைதான், மீதி இல்லை. ஆனால் முன்பணம் வாங்கிய நாளிலிருந்து பிடித்தது அல்ல, நடப்பு ஆண்டில் பிடித்தது மட்டும். உங்கள் நிறுவனத்தின் சம்பள ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறதோ, அந்த மாதம் எல்லா வரிகளும் சுழியிலிருந்து மறுபடி ஓடும். வெண்பனி, உங்களுக்கு ஜனவரியில் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதம், தலா 6,000, மொத்தம் 18,000. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிடித்தது இந்த நிரலில் இல்லவே இல்லை. டிசம்பர் பே ஸ்லிப்பை எடுத்தால் அதே நிரலில் அந்த நான்கு மாதத்தின் மொத்தம் இருக்கும்.

உங்கள் கணக்கில் மீதி 18,000, ஸ்லிப்பில் பிடித்தது 18,000. இரண்டும் தற்செயலாக ஒரே எண்ணாகிவிட்டன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அடுத்த மாதம் பாருங்கள், ஸ்லிப்பில் 24,000 ஆகிவிடும். மீதித் தொகை மாதா மாதம் ஏறுமா?

இப்போது 4,400க்கு வருவோம். தவணையையும் மாதங்களையும் பெருக்காதீர்கள். "ஏழு மாதம் ஆயிற்று, ஆகவே ஏழு தவணை போயிற்று" என்பது நாம் எண்ணிக்கொள்வது, நடந்தது வேறாக இருக்கலாம். ஏழு ஸ்லிப்பையும் வரிசையாக வைத்து, முன்பண வரியில் "இந்த மாதம்" என்ற நிரலில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். வங்கியில் வரவான தொகையைப் பார்க்க வேண்டாம். அதில் விடுப்பு, வரி, மற்ற பிடித்தம் எல்லாம் கலந்திருக்கும். எக்செல்லில் A நிரலில் மாதம், B-யில் பிடித்தம், C-யில் மீதி. C1-இல் 60000 போட்டு, செப்டம்பரை இரண்டாம் வரிசையில் தொடங்கி, C2-இல் இப்படி எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=C1-B2
```

ஒரு குறிப்பு. வித்தியாசத் தொகையே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சரியாக ஒரு தவணை அளவு இருந்தால் ஒரு மாதம் முழுவதும் விடுபட்டிருக்கும், அல்லது ஒரு மாதம் முன்பின்னாக மீதியைச் சொல்லியிருப்பார்கள். தவணையை விடக் குறைவாக, உங்கள் 4,400 மாதிரி இருந்தால், ஏதோ ஒரு மாதத்தில் தவணையில் ஒரு பகுதிதான் பிடிபட்டிருக்கும். 6,000இல் 4,400 போனால் 1,600. அந்த 1,600 எந்த ஸ்லிப்பில் இருக்கிறது என்று தேடுங்கள்.

எட்டாம் மாடி

பேரேடு சார் சொல்வது போலத்தான் எனக்கும் நடந்தது, ஆனால் எதிர்ப்பக்கம். 24,000 வாங்கி மாதம் 2,000 கட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மாதம் முடிந்து மீதி 10,000 என்று நினைத்தேன், அவர்கள் 8,000 என்றார்கள். குறைவாகச் சொல்கிறார்களே, கேட்டால் கூட்டிவிடுவார்களோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் கேட்டேவிட்டேன். போனஸைத் தனியாக ஒரு பட்டியலில் போட்டிருந்தார்கள், அதற்குத் தனி ஸ்லிப். அதிலும் சிஸ்டம் ஒரு தவணையை எடுத்திருந்தது. ஏழு மாதத்துக்கு எட்டு ஸ்லிப். போனஸ் ஸ்லிப்பை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதனால் மாதத்தை எண்ணாதீர்கள், ஸ்லிப்பை எண்ணுங்கள்.

வெண்பனி

ஏழையும் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பினேன். போனஸ் ஸ்லிப் எதுவும் இல்லை. செப்டம்பர் 6,000. அக்டோபர் 6,000. நவம்பர் 1,600. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மறுபடி ஆறாயிரம் ஆறாயிரம். மொத்தம் 37,600. மீதி 22,400. எச்.ஆர். சொன்ன அதே தொகை.

நவம்பரில் அம்மா மருத்துவமனையில் இருந்தார். 15 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தேன். பாதிச் சம்பளம்தான் வரும் என்று தெரியும், அதனால் ஸ்லிப்பைத் திறக்கவே இல்லை. இன்று பார்த்தால் மொத்தச் சம்பளம் 40,000க்குப் பதில் 20,000. மற்ற பிடித்தங்கள் 3,400. முன்பணம் 1,600. கைக்கு வந்தது 15,000.

நான் யாரிடமும் குறைத்துப் பிடிக்கச் சொல்லவில்லை. எப்படி 1,600 ஆனது?

பழைய பேரேடு

அந்த 15,000ஐப் பாருங்கள். மற்ற மாதங்களில் 40,000இல் பிடித்தம் போக 27,600 மாதிரி வந்திருக்கும். விடுப்பு எடுத்த மாதத்தில் மட்டும் சில்லறையே இல்லாமல் சரியாக 15,000 வந்து நின்றால், அங்கே ஒரு வரம்பு முட்டியிருக்கிறது என்று அர்த்தம். கைக்குப் போகும் சம்பளம் இந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று சம்பள மென்பொருளில் ஒரு அமைப்பு உண்டு. சில இடத்தில் ஒரு தொகையாக இருக்கும், சில இடத்தில் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று இருக்கும்.

20,000இல் 3,400 போனால் 16,600. வரம்பு 15,000. இடையில் இருப்பது 1,600 மட்டும். முன்பணம் பெரும்பாலும் பிடித்தம் செய்யும் வரிசையில் கடைசியில் நிற்கும், வரி போன்றவை முதலில் போய்விடும். ஆகவே எஞ்சிய 1,600ஐ அது எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டது. யாரும் கையால் மாற்றவில்லை. அந்த மாதம் உங்களுக்கு அது பாதுகாப்பாகவும் இருந்தது, 6,000 முழுவதும் போயிருந்தால் கையில் 10,600தான் நின்றிருக்கும்.

சரி, தொகை பொருந்திவிட்டது. ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள். விட்டுப்போன 4,400ஐ எப்போது பிடிப்பார்கள்? இதில் இடத்துக்கு இடம் வித்தியாசம். சில சிஸ்டம் அடுத்த மாதமே சேர்த்துப் பிடிக்கும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை, டிசம்பரில் 6,000தான். சில சிஸ்டம் கடைசியில் ஒரு தவணை கூட்டும், அப்படியானால் ஏப்ரல், மே, ஜூனில் ஆறாயிரம், ஜூலையில் 4,400. நான் பயப்படுவது மூன்றாவதுக்கு. முன்பணத்தைப் பதியும்போது முடிவு மாதம் என்று ஒன்றையும் பதிவார்கள். உங்களுக்கு ஜூன். சில மென்பொருளில் அந்த மாதம் வந்ததும், மீதி இருக்கிறதா என்று பார்க்காமல், பிடித்தமே நின்றுவிடும். ஸ்லிப்பில் அந்த வரி காணாமல் போகும். நீங்கள் கட்டி முடித்ததாக நினைப்பீர்கள். 4,400 உள்ளே கிடக்கும். வேலையை விட்டுப் போகும்போது கடைசிக் கணக்கில் ஒரே அடியாக வந்து நிற்கும். இப்படிப் பல பேருக்கு வருடங்கள் கழித்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே எச்.ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முன்பணக் கணக்கின் விவரத்தை, மாதவாரியாகத் தொடக்க மீதி, பிடித்தம், முடிவு மீதி என்று தரச் சொல்லுங்கள். சிஸ்டத்தில் முடிவு மாதம் என்ன என்று கேளுங்கள்.

மழைத்துளி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் ஸ்லிப்பில் மீதி என்று தனி வரியே இருக்கிறது. ஆனால் எப்போதும் என் கணக்கை விட ஒரு தவணை அதிகமாகவே காட்டுகிறது. கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான்" என்கிறார்கள். ஒரு மாதம் ஏமாற்றுகிறார்களா?

பழைய பேரேடு

மழைத்துளி, அடுத்தடுத்த இரண்டு ஸ்லிப்பை எடுங்கள். போன மாதம் அச்சான மீதியிலிருந்து போன மாதப் பிடித்தத்தைக் கழியுங்கள். இந்த மாதம் அச்சான மீதி வந்தால், உங்கள் ஸ்லிப் பிடிப்பதற்கு முந்தைய மீதியைக் காட்டுகிறது. அப்படியானால் தவறில்லை, உண்மையான மீதி எப்போதும் ஒரு தவணை குறைவு. போன மாத மீதியிலிருந்து இந்த மாதப் பிடித்தத்தைக் கழித்தால் சரியாக வருகிறது என்றால், அது பிடித்த பிறகான மீதி. அப்போது ஒரு தவணை எங்கோ விடுபட்டிருக்கிறது.

தவணை எல்லா மாதமும் ஒரே தொகை என்றால் இரண்டுக்கும் ஒரே விடை வரும், குழம்புவீர்கள். அப்போது பிடித்தம் தொடங்கிய முதல் மாத ஸ்லிப்பைப் பாருங்கள். அதில் முழு முன்பணமும் மீதியாக அச்சாகியிருந்தால் பிடிப்பதற்கு முந்தையது. ஒரு தவணை கழிந்து அச்சாகியிருந்தால் பிடித்த பிறகானது.

மழைத்துளி

முதல் மாத ஸ்லிப்பில் முழுத் தொகையும் இருக்கிறது சார். அப்போது சரிதான் போல. நன்றி.

துடுப்பு

`YTD` விஷயத்தில் நான் தவறாகச் சொல்லிவிட்டேன், வெண்பனி, மன்னியுங்கள். எனக்கு முன்பணம் எடுத்த ஆண்டிலேயே முடிந்துவிட்டதால் அந்த நிரலும் மொத்தமும் ஒன்றாகவே இருந்தன. ஆண்டு மாறினால் அறுந்துபோகும் என்று இன்றுதான் புரிந்தது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தவணையைக் குறைத்துப் பிடித்தால் அதை ஊழியரிடம் சொல்ல வேண்டியது அலுவலகத்தின் வேலை. கடிதத்தில் பத்துத் தவணை என்று கையெழுத்து வாங்கிவிட்டு, பதினொன்றாவதை மென்பொருளின் மேல் தள்ளிவிடுவது நியாயமில்லை.

எட்டாம் மாடி

ஸ்லிப்பில் 1,600 என்று அச்சிட்டுத்தானே கொடுத்திருக்கிறார்கள். அதுவே சொன்னதுதான். படிக்க வேண்டியது நம் வேலை.

துடுப்பு

அம்மா மருத்துவமனையில் இருக்கும் மாதத்தில் யார் ஸ்லிப்பை வரிவரியாகப் படிப்பார்கள்? ஒரு வரி மின்னஞ்சல் போதுமே. இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெண்பனி

இருவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. எச்.ஆருக்கு நான் எழுதியதை இங்கே போடுகிறேன், வேறு யாருக்காவது உதவலாம்:

"என் சம்பள முன்பணம் 60,000. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு ஸ்லிப்பில் 37,600 பிடித்தமாகியுள்ளது, நவம்பரில் 1,600 மட்டும். மார்ச் பிடித்தத்துக்குப் பிறகு மீதி 22,400 என்பது சரிதானா என்று உறுதிசெய்யவும். முன்பணக் கணக்கின் மாதவாரி விவரத்தை அனுப்பவும். சிஸ்டத்தில் முடிவு மாதம் ஜூன் என்றால், நவம்பரில் குறைந்த 4,400ஐ எந்த மாதம் பிடிப்பீர்கள் என்று சொல்லவும். ஒரே மாதத்தில் 10,400 பிடித்தால் சிரமம். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதம் தலா 5,600 என்று மாற்ற முடியுமா?"

மொத்தமாகக் கட்டும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிட்டேன். அம்மாவின் மருந்துச் செலவு இன்னும் முடியவில்லை, சேர்ந்த பணம் கையில் இருக்கட்டும்.

பழைய பேரேடு

நல்ல கடிதம். நான்கு மாதம் 5,600 என்பது 22,400க்குச் சரியாகப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சம்பளப் பட்டியலுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு கடைசி நாள் உண்டு, சம்பளம் வருவதற்குப் பல நாள் முன்பே மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒப்புக்கொண்ட மாற்றம் அடுத்த மாதம்தான் ஏறும். ஏப்ரலில் 6,000 பிடித்திருந்தால் பதற வேண்டாம், ஆனால் மீதியை அந்த 6,000ஐ வைத்தே கழியுங்கள், பேசிய 5,600ஐ வைத்து அல்ல.

தேன்சிட்டு

அப்போது வட்டி இல்லையா? நான் வீணாகப் பயமுறுத்திவிட்டேன் அக்கா.

பழைய பேரேடு

தேன்சிட்டு, சில இடங்களில் வட்டியோ பதிவுக் கட்டணமோ உண்டு, கேட்டதில் தவறில்லை. அப்படி இருந்தால் அது பெரும்பாலும் கடிதத்திலேயே இருக்கும், மாதவாரி விவரத்தில் மீதியைக் கூட்டும் வரியாகவும் தெரியும். வெண்பனியின் கணக்கில் 60,000இலிருந்து ஸ்லிப் பிடித்தங்களைக் கழித்தாலே எச்.ஆரின் தொகை வந்துவிட்டது. வட்டிக்கு அங்கே இடமே இல்லை.

வெண்பனி

ஏப்ரல் ஸ்லிப் வந்துவிட்டது. பேரேடு ஐயா சொன்ன மாதிரியே 6,000 பிடித்திருக்கிறார்கள், `YTD` 24,000 ஆகிவிட்டது. பட்டியல் மூடிய பிறகுதான் என் கடிதத்தைப் பார்த்தார்களாம். மீதி 16,400. மாதவாரி விவரமும் அனுப்பினார்கள், என் எக்செல்லோடு ஒவ்வொரு வரியும் ஒத்துப்போகிறது. இனி மே 5,600, ஜூன் 5,600, ஜூலை 5,200 என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தேன், சரியாக 16,400.

சிஸ்டத்தில் முடிவு மாதத்தை ஜூலைக்கு மாற்றிவிட்டீர்களா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. ஜூன் ஸ்லிப் வரும் முன் மறுபடி கேட்கிறேன். ஜூலை ஸ்லிப் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.